மெத்தென்ற செருப்பும் முட்டி வலியும்

திருப்புட்குழி வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறுபதை நெருங்குகிறீர்கள், இரண்டு முட்டியிலும் உட்பக்கம் தேய்மானம் அதிகம் என்று எக்ஸ்ரே சொல்லிவிட்டது, சர்க்கரை இல்லை. பாலுசெட்டி சத்திரம் வரை காலையில் நடக்கிறீர்கள். மகன் வாங்கித் தந்த எம்.சி.ஆர். செருப்பு பஞ்சு மாதிரி இருந்தும் வலி குறையவில்லை, செருப்பைக் குறை சொல்வதா முட்டியைக் குறை சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்தச் செருப்பு வேறு வேலைக்கென்று வந்தது. வேலூர் சி.எம்.சி.யிலும் பக்கத்துக் கரிகிரி மருத்துவமனையிலும் தொழுநோயால் பாதத்தில் உணர்விழந்தவர்களுக்கு அந்த மென்மையான ரப்பரைப் பயன்படுத்தினார்கள். உள்ளங்காலில் ஓரிடத்தில் அழுத்தம் குவிந்து புண்ணாகாமல் அது காக்கும். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கும் அதே காரணத்துக்காகத்தான் தருகிறார்கள். உங்கள் உள்ளங்காலில் பிரச்சினை இல்லை. முட்டிக்கு அந்த மென்மையால் பெரிய லாபமும் இல்லை.

வெறுங்காலே நல்லது என்று உங்கள் தெருவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 2006இல் சிகாகோ ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, வெறுங்காலில் நடந்தால் முட்டியின் உட்பக்கம் விழும் பாரம் ஷூவோடு நடப்பதைவிடக் குறைந்தது. அதனால் தட்டையான, வளையும் காலணிதான் சரி என்ற எண்ணம் பரவியது. ஆனால் பாரம் குறைந்தால் வலியும் குறையும் என்பது ஊகம்தான். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் அதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டி, உங்களைப் போலவே உட்பக்கத் தேய்மானம் முற்றியவர்கள் 164 பேர். ஒரு பாதிக்குத் தட்டையான, வளையும் ஷூ. மறு பாதிக்கு உறுதியான, தாங்கும் ஷூ. தினமும் ஆறு மணி நேரமாவது போட வேண்டும், ஆறு மாதம். நடக்கும்போது வரும் வலி சொல்லிக்கொள்ளும்படி குறைந்தவர்கள் உறுதியான ஷூ போட்டவர்களில் 58 சதவீதம், தட்டையானதில் 40. உபாதைகளும் தட்டையானதில்தான் ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியும் உறுதியான ஷூ போட்ட நூறு பேரில் நாற்பதுக்கு மேல் பலன் காணவில்லை என்பதை மறக்க வேண்டாம். தேய்ந்தது திரும்ப வளராது, வலி மட்டும் தணியலாம்.

அந்த ‘உறுதி’யைக் கடையில் கையால் பார்த்துவிடலாம். ஒரு கையால் குதிப்பக்கம், மறு கையால் விரல்பக்கம் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாகச் சுருண்டால் வைத்துவிடுங்கள். பிறகு மடக்குங்கள். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. ஷூவானால் குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்காமல் நிற்க வேண்டும். அடிப்பகுதி அகலமாகவும், குதிப்பக்கம் விரல்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் போல உயர்ந்தும் இருக்கலாம். ஆனால் குச்சிக் குதி ஆகாது, அது முட்டிக்குப் பாரம் கூட்டும். விலை, பிராண்டு எதுவானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அகலத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறோம். நம் பாதம் முன்பக்கம் அகன்றது, கடை நம்பரோ நீளத்தை மட்டும் சொல்லும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஒரு தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். செருப்பின் மேல் வைத்தால் தாள் வெளியே நீட்டக் கூடாது.

நாடா கட்டும் ஷூ உங்களுக்கு ஒத்துவராது என்பது தெரியும். விஜயராகவப் பெருமாள் சன்னதிக்குப் போய்வர ஒருமுறை கழற்றி, ஒருமுறை மாட்ட வேண்டும், முட்டியை மடக்கிக் குனிவதே வேதனை. அதனால் பின்பட்டையும் வெல்க்ரோ ஒட்டும் உள்ள சாண்டல் வாங்குங்கள். பின்பட்டை இல்லாவிட்டால் கால் வழுக்காதிருக்க விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கும். கோயில் பிரகாரத்தில் கொஞ்ச நேரம் வெறுங்காலில் சுற்றுவதால் ஒன்றும் கெடாது. வெயில் ஏறிய கல்லை மட்டும் தவிருங்கள்.

ஆறு மணி நேரக் கணக்குக்குக் காலை நடை மட்டும் போதாது. சமையலறையில் நிற்கும் நேரம்தான் உங்களுக்கு அதிகம். ஆகவே வீட்டுக்குள் மட்டும் போட, மண் படாத இன்னொரு ஜோடி வேண்டும். முதல் வாரம் ஓரிரு மணி நேரம் போட்டு மெல்லக் கூட்டுங்கள். பழைய ஜோடியை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தால் அதை மறுபடி போட வேண்டாம்.

வாங்குவதற்கு முன், நடக்கும்போது வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் குறியுங்கள், பிறகு மாதம் ஒருமுறை. ஆறு மாதத்தில் இரண்டு புள்ளியாவது இறங்காவிட்டால் செருப்பை மாற்றி மாற்றி வாங்காமல், தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். முட்டி திடீரென வீங்கிச் சுட்டாலோ, பூட்டிக்கொண்டாலோ அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.