கண்ணுவர் விடைகொடுத்த பாடல்

மணம் முடிந்த மகளைக் கணவன் இல்லத்திற்கு அனுப்பும்போது பெற்றோர் பாடும் பிரிவுப் பாடல்கள் இந்திய மொழிகள் பலவற்றில் உள்ளன. அவற்றுள் மிகப் பழமையும் பெரும்புகழும் வாய்ந்தவை, வடமொழிப் பெரும்புலவராகிய காளிதாசர் இயற்றிய ‘அபிஞான சாகுந்தலம்’ என்னும் நாடகத்தின் நான்காம் அங்கத்தில் அமைந்த பாடல்களாகும். காளிதாசர் கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. இந்நாடகத்தை மறைமலையடிகள் தமிழாக்கி, 1907-ஆம் ஆண்டில் தமிழுலகிற்கு அளித்தார்.

சகுந்தலையின் கதை மகாபாரதத்திலும் உண்டு. ஆனால், அங்கே அவள் தன் மகன் வளர்ந்த பின்னரே அவனுடன் அரசனிடம் செல்கிறாள். சாபமும் கணையாழியும் அக்கதையில் இல்லை. கருவுற்ற இளம்பெண்ணாகிய சகுந்தலை தான் வளர்ந்த தபோவனத்தை விட்டுப் பிரியும் காட்சியை விரித்து அமைத்தவர் காளிதாசரே.

சகுந்தலை, மேனகை என்னும் அரம்பைக்கும் விசுவாமித்திரருக்கும் பிறந்து, காட்டிலே கைவிடப்பட்ட குழந்தை. அவளை எடுத்து வளர்த்தவர் கண்ணுவர் என்னும் முனிவர். அவர் வெளியூர் சென்றிருந்த காலத்தில், வேட்டையாட வந்த துஷ்யந்த மன்னன் அவளைக் கண்டு காதலித்துக் காந்தருவ முறையில் மணந்தான். தன் பெயர் பொறித்த கணையாழியை அளித்துத் தலைநகர் சென்றான். கணவனையே எண்ணியிருந்த சகுந்தலை, வாயிலில் வந்து நின்ற துர்வாச முனிவரைக் கவனித்திலள். சினந்த முனிவர், அவள் யாரை நினைத்திருந்தாளோ அவன் அவளை மறப்பானாக எனச் சபித்தார். தோழியருள் ஒருத்தியாகிய பிரியம்வதை பின்சென்று வேண்டவே, அடையாள அணியைக் கண்டால் சாபம் நீங்கும் என்றார். இச்செய்தியைத் தோழியர் இருவரும் தம்முள்ளேயே மறைத்துக்கொண்டனர். ஆகவே, மகளுக்கு விடைகொடுக்கும் கண்ணுவர் சாபத்தை அறியார், சகுந்தலையும் அறியாள். நாடகம் காண்போரோ அறிவர். கண்ணுவரின் ஒவ்வொரு சொல்லும் நம் நெஞ்சை வருத்துவதற்கு இதுவே காரணமாகும்.

கண்ணுவரின் முதற்பாடல் அவர் தம் நிலையைத் தாமே ஆராய்வதாக அமைந்துள்ளது. சகுந்தலை இன்று செல்கிறாள் என்ற எண்ணத்தால் உள்ளம் ஏங்குகிறது. அடக்கிய கண்ணீரால் தொண்டை அடைக்கிறது. கவலையால் பார்வை மங்குகிறது. அவர் அழவில்லை, அழுகையை அடக்குவதால் உண்டாகும் துன்பத்தையே கூறுகிறார். பின்னர், காட்டில் வாழும் துறவியாகிய தமக்கே வளர்ப்பு மகளின் பிரிவு இவ்வளவு தளர்ச்சியைத் தருமாயின், பெற்ற மகளை முதன்முதலாகப் பிரியும் இல்லறத்தார் எவ்வளவு வருந்துவர் என்று எண்ணுகிறார். தம் துயரத்தை அளவுகோலாகக்கொண்டு பிறர் துயரத்தை அளந்தறியும் இவ்வுள்ளமே பாடலை எல்லார்க்கும் உரியதாக்குகிறது. இப்பாடல் அடிக்குப் பத்தொன்பது எழுத்துகள் கொண்ட ‘சார்தூலவிக்ரீடிதம்’ என்னும் யாப்பில் அமைந்தது. ஒவ்வோர் அடியிலும் பன்னிரண்டாம் எழுத்தில் ஓசை நின்று செல்லும். நீண்டு நின்று நடக்கும் அவ்வோசை, தொண்டை அடைத்தவர் தட்டுத்தடுமாறிப் பேசுவதற்கு ஏற்றதாய் உள்ளது.

அடுத்து, கண்ணுவர் தபோவனத்து மரங்களிடம் மகளுக்கு விடை கேட்கிறார். அவற்றிற்கு நீர் வார்க்காமல் அவள் தான் நீர் பருகியதில்லை. அணிகளில் விருப்பமுடையவளாயினும் அன்பு மிகுதியால் தளிரைக் கிள்ளியதில்லை. அவை முதன்முதல் பூக்கும் நாளே அவளுக்குத் திருநாள். மகளைப் ‘பொன்னே, மணியே’ என்று அவர் புகழவில்லை. அவள் நாள்தோறும் செய்த சிறு செயல்களையே கூறுகிறார். உடனே ஒரு குயில் கூவுகிறது. அதனையே மரங்களின் விடையாக அவர் கொள்கிறார்.

சகுந்தலை நடக்கத் தொடங்கும்போது ஏதோ ஒன்று அவள் ஆடையைப் பற்றி இழுக்கிறது. திரும்பிப் பார்த்தால், அவள் மகன்போல வளர்த்த மான்கன்று! தருப்பை நுனி குத்திய அதன் வாய்ப்புண்ணுக்கு அவள் எண்ணெய் தடவி ஆற்றியிருந்தாள். பிடிப்பிடியாகத் தானியம் ஊட்டியிருந்தாள். அவள் கண்ணீர் பெருகுகிறது. கண்ணுவர் ‘அழாதே’ என்று மட்டும் கூறி அமையவில்லை. கண்ணீர் பார்வையை மறைப்பதால் மேடுபள்ளமான வழியில் கால் இடறுமே என்கிறார். அன்பு இங்கே அறிவுரையாக வராமல், காலடியைக் காக்கும் கவலையாக வருகிறது.

நீர்நிலை வரையில் உடன்செல்வதே வழியனுப்புவோர் மரபு. ஆதலால், குளக்கரையில் பால்மரம் ஒன்றன் நிழலில் அனைவரும் நிற்கின்றனர். அங்கே கண்ணுவர், சீடனாகிய சார்ங்கரவன் வாயிலாக மன்னனுக்குச் செய்தி சொல்லி விடுகிறார். தவத்தையும் அடக்கத்தையும் அன்றி வேறு செல்வம் இல்லாதவர் தாம் என்பதையும், மன்னனின் உயர்குடியையும், உறவினர் எவரும் கூட்டிவைக்காமல் அவள் தானே அவன்பால் கொண்ட அன்பையும் எண்ணிப் பார்க்குமாறு கூறுகிறார். மற்ற தேவியரோடு ஒப்ப அவளையும் மதித்தல் வேண்டும் என்று மட்டும் கேட்கிறார். அதற்கு மேற்பட்டது அவள் நல்வினையைப் பொறுத்தது. அதனைப் பெண்வீட்டார் சொல்லுதல் தகாது என முடிக்கிறார். மகள் அரசனின் முதன்மைத் தேவியாதல் வேண்டும் என்று விரும்பாத தந்தை உண்டோ? விருப்பம் இருந்தும் அதனைக் கேளாமல் நிறுத்திய இடமே இப்பாடலின் உயிர்நிலையாகும்.

பின்னர் மகளுக்கு அறிவுரை கூறுகிறார். பெரியோர்க்குப் பணிவிடை செய்தல், மற்ற மனைவியரிடம் தோழமை கொள்ளுதல், கணவன் பிழைசெய்யினும் சினத்தால் மாறுபடாதிருத்தல், பணியாளரிடம் கனிவு காட்டுதல், செல்வத்தில் செருக்கின்மை ஆகியவை அவர் கூறியவை. இவற்றுள் சில, அரசர் பல மனைவியரோடு வாழ்ந்த அக்காலத்திற்கே உரியவை. இன்றைய வாழ்விற்குப் பொருந்தா. பணியாளரிடம் கனிவும் செல்வத்தில் செருக்கின்மையும் எக்காலத்திற்கும் பொருந்தும்.

தந்தை தமக்காக மிக வருந்துதல் கூடாது என்று சகுந்தலை வேண்டுகிறாள். அப்பொழுதுதான் முனிவரின் அடக்கம் சற்றே நெகிழ்கிறது. குடில் வாயிலில் அவள் பலியாக இட்ட நெல்மணிகள் முளைத்திருப்பதைக் காணுந்தோறும் தம் துயர் எவ்வாறு தணியும் என்கிறார். மகள் போய்விடுவாள், அவள் கைப்பட்ட நெல் மட்டும் பசுமையாய் வளர்ந்துகொண்டிருக்கும். பிரிவின் வெறுமையை இச்சிறு முளையே காட்டிவிடுகிறது.

அவள் கண்ணுக்கு மறைந்தபின், பெண் பிறர்க்கு உரிய பொருள் என்றும், பிறர் வைத்த அடைக்கலப் பொருளை உரியவரிடம் திருப்பித் தந்தாற்போலத் தம் மனம் தெளிந்தது என்றும் அவர் கூறுகிறார். மகளைப் பொருளாகக் கருதும் அவ்வெண்ணம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும், சற்றுமுன் நெல்முளையை நினைந்து கலங்கியவர் மனம் தெளிந்தது என்று கூறுவது, தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் தந்தையின் சொல்லாகவே நம் செவியில் விழுகிறது.

அவர் அவ்வாறு தேறினார்; சாபமோ தன் வழியே சென்றது. சகுந்தலையின் கணையாழி வழியில் நீர்த்துறையில் நழுவி விழுந்தது. தபோவனத்தார் கொண்டுசென்ற செய்தி அரசவையில் உரைக்கப்பட்டபோது, நினைவிழந்த மன்னன் அவளைத் தன் மனைவி என ஏற்றிலன். தந்தை அளந்து கேட்ட அச்சிறு வேண்டுகோளும் அன்று நிறைவேறவில்லை.