முதல் இமெயில் பிந்தி வந்தால்: பயனுள்ள குறிப்புகள்

உரும்பிராயில் எங்கள் சனசமூக நிலையத்துக்குச் சொந்தமாக ஓர் இமெயில் முகவரி உண்டு. 2024 மே 14 மாலை, ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகன் தன் புது வேலையிடத்து முகவரியில் இருந்து நூல் பட்டியல் ஒன்றை அனுப்பினான். “அனுப்பிப்போட்டன் சித்தி, வந்திட்டுதோ?” என்று தொலைபேசியில் கேட்டான். வரவில்லை. பதினேழு நிமிடத்துக்கு மேலாகக் காத்திருந்த பிறகுதான் வந்தது.

1. இது பழுது அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய நிறுவனங்களின் மெயில் சேர்வர்கள் பலவற்றில் கிரேலிஸ்டிங் என்ற காவல் முறை இருக்கிறது. 2003இல் இவான் ஹாரிஸ் என்பவர் எழுதி வைத்த முறை இது. கடிதம் எந்த ஐபி முகவரியில் இருந்து வருகிறது, யார் அனுப்பியது, யாருக்கு என்ற மூன்றையும் சேர்வர் பார்க்கும். இந்த மூன்றும் ஒன்றாக முன்பு வந்ததில்லை என்றால், “இப்ப ஏலாது, பிறகு வா” என்று 450 அல்லது 451 என்ற தற்காலிக மறுப்பைச் சொல்லும். ஒழுங்கான சேர்வர் கடிதத்தை வரிசையில் வைத்திருந்து திரும்ப வரும். ஒரேயடியாக லட்சக்கணக்கில் வீசும் ஸ்பாம் நிரல்களில் பல திரும்பி வருவதில்லை.

2. எவ்வளவு நேரம் பிந்தும் என்பதை இரண்டு பக்கமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. போஸ்ட்கிரே என்ற மென்பொருள் வழக்கமாக 300 வினாடி, அதாவது 5 நிமிடம், கதவை மூடி வைத்திருக்கும். ஆனால் கதவு திறந்தவுடனே கடிதம் உள்ளே வந்துவிடாது. அனுப்பிய சேர்வர் எப்போது மறுபடி தட்டுகிறதோ அப்போதுதான் வரும். சில சேர்வர்கள் 5 நிமிடத்தில் தட்டும், சில 15 நிமிடத்தில், சில அரை மணித்தியாலத்தில். நாலாம் நிமிடத்தில் தட்டினால் மறுபடியும் மறுப்புத்தான். அதற்கடுத்த இடைவெளி இன்னும் நீளலாம்.

3. காரணம் இதுதானா என்பதை இமெயிலின் தலைப்பு வரிகளில் பாருங்கள். ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, `Show original` என்பதைத் தெரிவுசெய்தால் அவை தெரியும். மற்றச் செயலிகளிலும் இதுபோன்ற ஒரு தெரிவு இருக்கும். எங்கள் கடிதத்தில் இருந்த வரி இது (சேர்வர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
X-Greylist: delayed 1062 seconds by postgrey-1.36
 at mail.example.lk; Tue, 14 May 2024 18:58:07 +0530
```

1062 வினாடி என்றால் 17 நிமிடம் 42 வினாடி. 18:58:07இல் இருந்து அதைக் கழித்தால் 18:40:25 வருகிறது. அப்போது ரொறன்ரோவில் காலை 9:10. பெறாமகன் அனுப்பிய நேரம் அதுதான். இந்த வரி இல்லாவிட்டால் `Received` வரிகளைக் கீழிருந்து மேலாக வாசித்து, எந்த இரண்டுக்கும் இடையில் நேரம் போயிருக்கிறது என்று பாருங்கள். `+0530`, `-0400` போன்ற நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் பிழையான முடிவுக்கு வருவீர்கள்.

4. வரவில்லை என்றவுடன் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லாதீர்கள். எங்கள் பெறாமகன் இரண்டு நிமிடத்தில் மறுபடி அனுப்பினான்; அதுவும் வாசலில் நின்றது. கடைசியில் ஒரே பட்டியல் இரண்டு முறை வந்தது. வேறு முகவரியில் இருந்து அனுப்புவதும் வீண்வேலையாகலாம். அந்த முகவரியும் புதிதென்றால் காத்திருப்பு முதலில் இருந்து தொடங்கும்.

5. ஓடிபி இமெயிலில்தான் உண்மையான சங்கடம். இலக்கம் 10 நிமிடத்தில் காலாவதியாகும், கடிதமோ 17ஆம் நிமிடத்தில் வரும். குறுஞ்செய்தி வழி இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் கடிதம் வந்து சேரும்வரை பொறுத்து, அதன்பின் புதிய இலக்கம் கேளுங்கள். பெரும்பாலும் அது உடனே வரும். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஐபியில் இருந்து தட்டினால் இந்த வழி பலிக்காமல் போகலாம்.

6. விண்ணப்ப முடிவு நாள் போன்ற அவசர அலுவல் இருந்தால், முதல் நாளே ஒரு வரிக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். போஸ்ட்கிரே ஒருமுறை ஏற்றுக்கொண்டதை வழக்கமாக 35 நாள் நினைவில் வைத்திருக்கும். நினைவுக் காலத்தைச் சேர்வருக்குச் சேர்வர் மாற்றி வைக்கலாம். எனவே நெடுநாள் தொடர்பில்லாதவரின் கடிதம் மறுபடி பிந்தினால் திகைக்க வேண்டாம்.

7. நாலைந்து மணித்தியாலம் கழிந்தும் வராவிட்டால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அனுப்பியவருக்குத் திரும்பிய அறிவித்தல் ஏதும் வந்ததா என்றும் கேளுங்கள். சில இணையத்தளப் படிவங்கள் ஒருமுறை மட்டும் அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். அவற்றின் கடிதம் ஒருபோதும் வராது. உங்கள் சேர்வரைப் பராமரிப்பவரிடம் அந்த அனுப்புநரை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெறாமகன் மறுநாள் அதே முகவரியில் இருந்து அனுப்பிய திருத்திய பட்டியல் ஒரு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது.