பாதிக்கு சரி, மீதிக்கு முடியாது: தெளிவாகச் சொல்வது எப்படி?



நம் வீடுகளில் அரிசி தீர்ந்துவிட்டால் "அரிசி இல்லை" என்று சொல்லமாட்டோம். "அரிசி வாங்கணும்" என்றுதான் சொல்வோம். இல்லை என்ற சொல் வாயில் வரக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழக்கிவிட்டார்கள். அரிசிப் பானைக்கு அது சரி. ஆனால் ஒருவர் வந்து கடன் கேட்கும்போதும் அதே பழக்கம் வந்துவிடுகிறது. முடியாது என்று மனசுக்குத் தெரியும், வாய் மட்டும் "பாக்கலாம்" என்று சொல்லிவிடும். சொன்னவர் கணக்கில் அது முடியாது. கேட்டவர் கணக்கில் அது சரி. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்ததை வைத்து இந்த மாதப் பாடத்தைப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

அந்தக் குழுவுக்கு வங்கிக் கடன் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. உறுப்பினர் ஒருவருக்கு ஆளுக்கு ரூ.30,000 என்று முடிவாகியிருந்தது. அதில் ஒரு அக்கா கறவை மாடு வாங்க எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து ஊரிலிருந்து அவருடைய நாத்தனார் வந்தார். அக்காவைவிட வயதில் சின்னவர்.

"அண்ணி, உங்க பேருல வர்ற முப்பதாயிரத்த எனக்குக் குடுங்க. மாசாமாசம் நான் கட்டிடறேன். பொண்ணுக்கு காலேஜ் பீஸ் எட்டாயிரம் 15-ம் தேதிக்குள்ள கட்டணும். மிச்சத்துல கூரைக்கு ஷீட் போட்டுடுவேன்."

அக்கா சொன்ன பதில்: "பாக்கலாம்மா. எங்க ஊக்குநர் ஒத்துக்கணும், உங்க அண்ணனையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

இந்தப் பதிலில் முடியாது என்ற சொல்லே இல்லை. நாத்தனார் நேராக அண்ணனிடம் போனார். கூடப்பிறந்த தங்கை கேட்டால் அண்ணன் என்ன சொல்வார்? "எனக்கென்ன, உங்க அண்ணி விருப்பம்" என்றார். ஊக்குநரிடம் போனார். அவருக்கு விவரம் தெரியாது. "பணம் வந்தா உங்க அண்ணிக்குக் குடுக்கப் போறோம், அதுக்கென்ன" என்றார். இரண்டு கதவும் திறந்தாச்சு. நாத்தனார் ஷீட் கடையில் ரூ.2,000 முன்பணம் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வந்து "எப்ப கையெழுத்துப் போடணும் அண்ணி?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் அக்காவுக்குப் பகீரென்றது. அடுத்த நாள் குழுக் கூட்டத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். நானும் போயிருந்தேன். எல்லோரும் சேர்ந்து பேசினோம்.

முதல் வேலை: கேட்டதைப் பிரிப்பது

நாத்தனார் கேட்டது ஒன்று போலத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் மூன்று:

1. பிள்ளையின் பீஸுக்கு உதவி. தொகை 8,000, தேதி 15.
2. கூரை ஷீட்டுக்கு 22,000.
3. அக்காவின் பெயரும் கையெழுத்தும்.

கேட்டவர் மூன்றாவதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் கனமானது அதுதான். வங்கி கடன் கொடுப்பது குழுவுக்கு. ஒருவர் தவணை நின்றால் குழு சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டிவரும். அடுத்த கடன் தள்ளிப்போகும். 24 மாதத் தவணை என்றால் அசல் மட்டும் மாதம் ரூ.1,250. அதற்கு மேல் வட்டி. அந்த அக்காவுக்குப் பால் காசில் மாதம் மிஞ்சுவது சுமார் ரூ.1,500. நாத்தனார் இரண்டு மாதம் கட்டாவிட்டால் அந்தக் காசு மொத்தமும் அதற்கே போய்விடும். மாடும் வராது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "முப்பது வேண்டாம், பதினஞ்சு எடுத்துக் குடுத்துடு. பாதிக்குப் பாதி ஆச்சு." அது பாதி இல்லை, சகோதரிகளே. தொகைதான் குறைகிறது. பெயர் அக்காவுடையது, கட்டுவது வேறு ஒருவர் என்ற ஆபத்து அப்படியே இருக்கிறது. தொகையை வெட்டாதீர்கள். கேட்டதை வகையாகப் பிரியுங்கள். எந்த வகை நம்மால் முடியும், எந்த வகை எவ்வளவு சின்னத் தொகையானாலும் முடியாது என்று பாருங்கள்.

அக்கா யோசித்து முடிவு செய்தார். பீஸுக்குத் தன் கையில் இருக்கும் பால் காசில் ரூ.5,000 தரலாம். திரும்பி வர ஒரு வருடம் ஆனாலும் வீடு ஓடும். கூரைக்குப் பணம் இல்லை. பெயரில் கடன் என்றைக்கும் இல்லை. நாத்தனார் தன் ஊர்க் குழுவில் தன் பெயரில் கேட்டால், கூடப் போய் உதவலாம்.

இரண்டாவது வேலை: வீட்டில் முன்னாடியே பேசுவது

கேட்டவர் கணவரின் தங்கை. அதனால் அக்கா முதலில் கணவரிடம் கணக்கைச் சொன்னார். "அஞ்சாயிரம் பீஸுக்குக் குடுக்கறேன். பேர்ல கடன் எடுக்கமாட்டேன். உங்ககிட்ட வந்து கேட்டாலும் இதையே சொல்லுங்க." இதைச் செய்யாமல் போயிருந்தால் வீட்டில் இரண்டு பதில் இருக்கும். கேட்பவர் தனக்குச் சாதகமான பதிலைத்தான் எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது வேலை: சொல்வது

அக்கா நாத்தனார் வீட்டுக்கே போனார். காப்பி குடித்து, பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு இப்படிச் சொன்னார்:

"பாப்பா பீஸுக்கு நான் அஞ்சாயிரம் தரேன். 12-ம் தேதி காலையில கொண்டுவந்து குடுக்கறேன். என் பேருல கடன் எடுத்துக் குடுக்க முடியாதும்மா. இப்பவும் முடியாது, அடுத்த தடவையும் முடியாது. அன்னிக்கு பாக்கலாம்னு சொன்னது என் தப்பு. கூரைக்கு உங்க ஊர் குழுவுல உன் பேருல கேளு, மனு எழுத நான் கூட வரேன்."

இதில் கவனிக்க வேண்டியது என்ன? சரி என்ற பாதியில் தொகையும் தேதியும் இருக்கிறது. "ஏதோ என்னால ஆனத செய்யறேன்" என்று சொல்லியிருந்தால் எட்டாயிரமா, ஐநூறா என்று அவருக்குத் தெரியாது. முடியாது என்ற பாதி தனி வாக்கியம். முன்னும் பின்னும் எதையும் ஒட்டவில்லை. "அஞ்சாயிரம் தரேன், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரே மூச்சில் சொன்னால், கேட்பவர் காதில் அஞ்சாயிரமும் அப்புறமும் மட்டும் விழும். "அடுத்த தடவையும் முடியாது" என்றதால் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, பொய்க் காரணம் சொல்லவில்லை. "ஊக்குநர் விடமாட்டாங்க" என்றால் அவர் ஊக்குநரைப் போய்ப் பார்ப்பார். "வட்டி அதிகம்" என்றால் "வட்டிய நான் கட்டறேன்" என்பார். காரணம் தீர்ந்துபோனால், முடியாது என்பதும் தீர்ந்துபோகும். தன் முடிவைத் தன் முடிவாகவே சொன்னார்.

நாத்தனாருக்குக் கோபம்தான். "கடையில முன்பணம் குடுத்துட்டேனே அண்ணி!" என்றார். "என்னை நம்பலியா?" என்றும் கேட்டார். அக்கா புதுசாக எதையும் சேர்க்கவில்லை. "முன்பணம் போனதுக்கு எனக்கும் வருத்தம்தான். உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. என் பேருல கடன் முடியாது. பீஸுக்கு அஞ்சாயிரம் 12-ம் தேதி" என்று அதையே திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும்.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

கிளம்புமுன் அக்கா கேட்டார்: "மாப்பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவ?" நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "அஞ்சாயிரம் தருவாங்க, லோன் கிடையாதுன்னு சொல்றேன்" என்றார். அவர் வாயால் இரண்டு பாதியும் வந்துவிட்டது. "அண்ணி பாத்துக்கறேன்னு சொன்னாங்க" என்று வந்திருந்தால், அங்கேயே மறுபடி சொல்ல வேண்டியதுதான். நன்றி அளவுக்கு மீறி வந்தாலும், "எப்ப வரும்?" என்று கேட்டாலும், முடியாது என்ற பாதி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

12-ம் தேதி பணம் போனது. இது முக்கியம். சரி என்ற பாதியில் தேதி தவறினால், முடியாது என்ற பாதியையும் யாரும் மதிக்கமாட்டார்கள். மீதி மூவாயிரத்தை நாத்தனார் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். ஒரு மாதம் பேச்சு இல்லை. பிறகு மனு எழுத அவரே கூப்பிட்டார். ஐந்தாயிரத்தில் இன்னும் இரண்டாயிரம் வரவேண்டியிருக்கிறது. மாட்டுக்கான தவணை ஒரு மாதமும் நிற்கவில்லை.

எங்கே இது பொருந்தாது?

நாம் தரும் பாதி அவருக்குப் பயன்படுமா என்று முதலில் கேளுங்கள். மீதி மூவாயிரத்துக்கு வழியே இல்லை என்றால், ஐந்தாயிரம் கொடுத்தும் சீட்டு போய்விடும். அப்போது முழு பீஸா, ஒன்றுமே இல்லையா என்று முடிவு செய்வதுதான் நல்லது. கேட்பவர் மிரட்டுகிறார், வீட்டில் அடி விழும் என்ற பயம் இருக்கிறது என்றால் தனியாகப் பேசப் போகாதீர்கள். குழுவில் சொல்லுங்கள், இரண்டு பேர் கூட வரட்டும்.

குழுவுக்கும் இதே பாடம்தான். ஒருவர் உள்கடன் ரூ.20,000 கேட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ரூ.8,000 மட்டும் தர முடிவானால், தீர்மான நோட்டில் "ரூ.8,000 வழங்கப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் மீதி அடுத்த மாதம் வரும் என்று அவர் காத்திருப்பார். "மீதி ரூ.12,000 வழங்க இயலாது. வேண்டுமானால் 8,000 கட்டி முடித்தபின் புதிதாக மனு தரலாம்" என்றும் எழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் கேட்கட்டும்: "நாலு நாள் எங்க கல்யாண வேலைக்கு வா, உன் நகையையும் ரெண்டு நாள் குடு." மற்றவர் பிரித்துப் பதில் சொல்லட்டும். பிறகு கேட்டவர், தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லட்டும்.

எத்தனை நாள் வருவீர்கள், எந்தத் தேதி, நகை உண்டா இல்லையா: மூன்றும் அவர் வாயில் சரியாக வந்தால் பாடம் முடிந்தது. வராவிட்டால் "பாக்கலாம்" எங்கே நுழைந்தது என்று இருவரும் தேடிப் பாருங்கள்.