‘ஆம்’, ‘இல்லை’யில் அவிழும் புதிர்

ஒருவர் பாருக்குள் நுழைந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கிறார். பார் ஊழியர் துப்பாக்கியை எடுத்து அவருக்கு நேராக நீட்டுகிறார். வந்தவர் ‘ரொம்ப நன்றி’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிறார். என்ன நடந்தது?

இதைப் பக்கவாட்டுச் சிந்தனைப் புதிர் என்பார்கள். ‘பக்கவாட்டுச் சிந்தனை’ என்ற கருத்தை 1967-ல் முன்வைத்தவர் எட்வர்ட் டி போனோ. புதிர் போடுபவருக்கு முழுக்கதையும் தெரியும். மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் ‘ஆம்’, ‘இல்லை’, ‘சம்பந்தமில்லை’ என்று மட்டுமே பதில் சொல்வார். இந்தக் கேள்விகளைக் கேட்கும் விதம் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன.

நம்பிக்கை: விடையைச் சட்டென்று ஊகிப்பவரே கெட்டிக்காரர்.

உண்மை: ‘வந்தவர் திருடனா?’ என்று கேட்டு ‘இல்லை’ என்று பதில் வந்தால், ஆயிரம் கதைகளில் ஒன்றுதான் கழிகிறது. ‘ஊழியர் அவருக்குக் கெடுதல் செய்ய நினைத்தாரா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்ற ஒரே பதிலில் கொள்ளை, பழிவாங்கல், முன்விரோதம் எல்லாம் ஒன்றாகக் கழிந்துவிடும். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்கும் வாய்ப்புகளைச் சரிபாதியாக்கினால், 20 கேள்விகளில் 10,48,576 வாய்ப்புகளிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கலாம். கதையின் வாய்ப்புகளை எண்ணிச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதுதான். ஆனாலும், எந்தப் பதில் வந்தாலும் பெரிய பகுதி ஒன்று கழியுமா என்று பார்த்துக் கேட்பது நம் கையில் இருக்கிறது.

நம்பிக்கை: ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்தக் கேள்வி வீண்.

உண்மை: இந்தப் புதிரின் பூட்டைத் திறப்பதே ஓர் ‘இல்லை’தான். ‘அவர் தாகத்துக்காகத் தண்ணீர் கேட்டாரா?’ என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. தண்ணீர் என்றால் தாகம் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது. கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும். தண்ணீர் வேறெதற்கோ தேவைப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததும் கதையே வேறு பக்கம் திரும்புகிறது. புதிரில் வரும் ஒவ்வொரு பொருளையும் எடுத்து, அதைப் பற்றி நாம் கேட்காமலே நம்பியது என்ன என்று யோசியுங்கள். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நம்பிக்கை: ஒரே கேள்விக்குள் பல விவரங்களை அடக்கினால் நேரம் மிச்சம்.

உண்மை: அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘பழைய பகையால் அவரைப் பயமுறுத்தத் துப்பாக்கியை நீட்டினாரா?’ என்று கேட்கிறோம். நேர்மையான பதில் ‘இல்லை’. உடனே பகை, பயமுறுத்தல் இரண்டையுமே தள்ளிவிடுகிறோம். ஆனால் பொய்யானது பகை மட்டுமே. பயமுறுத்துவதுதான் ஊழியரின் நோக்கம்! விடைக்கு மிக அருகில் வந்தும் நாமே கதவைச் சாத்திவிட்டோம். கேள்விக்குள் ‘அதனால்’, ‘அதற்காக’, ‘மற்றும்’ வந்தால் அதை இரண்டாக உடைத்துக் கேளுங்கள். விளையாட்டு முட்டுச்சந்தில் நின்றால், ‘இல்லை’ என்ற பதில் வாங்கிய நீளமான கேள்விகளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும்.

நம்பிக்கை: ‘சம்பந்தமில்லை’ என்பது நழுவல் பதில்.

உண்மை: அது ஒரு வழியை மொத்தமாக அடைக்கும் பதில். எந்த ஊர், வந்தவருக்கு என்ன வயது, பார் ஊழியர் ஆணா பெண்ணா என்பதெல்லாம் இந்தக் கதையில் சம்பந்தமில்லாதவை. அப்படிப் பதில் வந்ததும் அந்தத் திசையை விட்டுவிட வேண்டும். கேள்வியே தவறான அனுமானத்தில் நின்றால் மட்டும், அந்த மூன்று பதில்களுக்கு விதிவிலக்காக, ‘கேள்வியின் அடிப்படை தவறு’ என்று புதிர் போடுபவர் சொல்லிவிடுவதுதான் முறை.

இப்போது வரிசையாகக் கேட்போம். கெடுதல் செய்ய நினைத்தாரா? இல்லை. தாகத்துக்காகத் தண்ணீரா? இல்லை. பயமுறுத்த நினைத்தாரா? ஆம். தண்ணீரால் கிடைக்க வேண்டிய பலன் பயத்தால் கிடைத்ததா? ஆம். உடல் உபாதையா? ஆம். தண்ணீர் குடித்தாலும் நிற்கும், திடுக்கிட வைத்தாலும் நிற்கும் என்று நம்பப்படும் உபாதை எது? விக்கல். வந்தவருக்கு விக்கல், துப்பாக்கியைப் பார்த்த அதிர்ச்சியில் அது நின்றுவிட்டது.

நம் வீடுகளிலும் விக்கல் எடுப்பவரிடம் திடீரென்று ‘காசைத் திருடினியா?’ என்று கேட்டுத் திடுக்கிட வைப்பதுண்டு. அந்த வழக்கத்தைக் கேள்விப்படாதவருக்கு எத்தனை நல்ல கேள்வி கேட்டாலும் கடைசி அடி எட்டாது. கேள்விகள் விடை இருக்கும் இடம் வரைதான் கொண்டுபோய் விடும். அங்கிருப்பதை அடையாளம் காண அனுபவ அறிவு வேண்டும். அடுத்த முறை புதிர் போடப்படும்போது ஊகத்தை நாக்கின் நுனியிலேயே நிறுத்திவிட்டு, முதல் கேள்வியை உங்கள் அனுமானத்தைச் சோதிப்பதாகக் கேளுங்கள்.