மூச்சு முட்டும் நோயாளியை வீட்டில் பராமரித்தல்

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தந்தைக்கு வயது 68. நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். சுவாசப்பை நோய் முற்றிவிட்டது. வைத்தியர் கொடுத்த இழுக்கும் மருந்துகளை ஒழுங்காக எடுத்தும், முற்றத்தில் இருபது அடி நடந்தால் மூச்சு முட்டுகிறது. இரவில் திடுக்கிட்டு எழுந்து, “மூச்சு நின்றுவிடும்” என்று பயப்படுகிறார். நோயை இனிக் குணமாக்க முடியாது. ஆனால் மூச்சு முட்டும் உணர்வைக் குறைக்க முடியும். அதை எந்த ஒழுங்கில் செய்வது என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

1. காற்று

அவருக்கு மூச்சு முட்டியதும் வீட்டார் எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். தாதி வந்ததும் முதலில் அவர்களை விலகச் சொல்லி, யன்னலைத் திறந்தார். பின்னர் பற்றரியில் இயங்கும் சிறிய கைவிசிறியை எடுத்து, முகத்திலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் தூரத்தில், மூக்கிலும் கன்னத்திலும் காற்றுப் படும்படி பிடித்தார். சில நிமிடங்களில் அவர் சற்று ஆறினார்.

முகத்தில் குளிர்ந்த காற்றுப் படும்போது அங்குள்ள நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அதனால் “காற்றுப் போதவில்லை” என்ற உணர்வு தணிகிறது. விசிறி ஒட்சிசனைக் கூட்டுவதில்லை; உணர்வையே குறைக்கிறது. கைவிசிறி இல்லாவிட்டால் இன்னொருவர் பனையோலை விசிறியால் வீசலாம். நோயாளி தானே ஓலை விசிறியை வீசினால் களைத்துவிடுவார்.

2. அளந்து செய்தல்

இந்நோயில் உள்ளே போன காற்று முழுமையாக வெளியேறுவதில்லை. அவசரமாக மூச்சு எடுத்தால் வெளியே விட நேரம் இன்னும் குறைந்து, பழைய காற்று நெஞ்சில் தேங்குகிறது. ஆகவே இழுப்பதை விட, வெளியே விடுவதில்தான் கவனம் வேண்டும். சூடான தேநீரை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். கதிரையிலிருந்து எழும்போதும் படி ஏறும்போதும், அதாவது பிரயாசைப்படும் கணத்தில், மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சு முட்டினால் முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையிலோ தொடைகளிலோ ஊன்றிக்கொள்ளலாம்.

மகள் கிணற்றடிக்குப் போகும் பாதி வழியில் ஒரு கதிரை வைத்தார். குளிக்க ஒரு முக்காலி வைத்தார். குளிப்பு, சாப்பாடு, நடை மூன்றையும் காலையிலேயே முடிக்காமல் நாள் முழுவதும் பிரித்துக்கொண்டார்கள். தந்தை முட்டியபின் நிற்பதை விட்டு, முட்டுமுன் நிற்கப் பழகினார். முற்றாகப் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. தசைகள் மெலிந்தால் சிறிய வேலைக்கும் மூச்சு முட்டும்.

3. மோர்பின்

இவ்வளவும் செய்தபின்பும் இரவில் திணறல் இருந்ததால், வைத்தியர் மிகக் குறைந்த அளவில் மோர்பின் பாணி மருந்து கொடுத்தார். இது எல்லோருக்கும் பலன் தரும் மருந்தல்ல. 2003இல் அவுஸ்திரேலியாவில் நடந்த சிறிய ஆய்வு பலன் உண்டு என்றது. ஆனால் அங்கு நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், நாளுக்கு 8 அல்லது 16 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரை எடுத்தவர்களை விடத் திணறல் குறையவில்லை. ஆகவே வைத்தியர் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்து, பலனில்லையேல் நிறுத்துவது என்று தீர்மானித்தார்.

அவருக்குக் கொடுத்த அளவு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராம். அந்தப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருந்தது. ஆகவே அவருக்கு 1 மில்லிலீற்றர் போதும். மகள் தேக்கரண்டியை எடுத்தார். தேக்கரண்டி நிறைய ஊற்றியிருந்தால் ஐந்து மடங்கு போயிருக்கும்! தாதி ஊசியில்லாத ஒரு சிறிய சிரிஞ்சைக் கொடுத்து, கோட்டையும் காட்டினார். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் லேபிளைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் அதை வைத்தியருக்கு முன்னரே சொல்ல வேண்டும். மதுவையும், வைத்தியர் அறியாத நித்திரை மாத்திரைகளையும் இதனுடன் சேர்க்கக் கூடாது.

மோர்பின் மலச்சிக்கலை உண்டாக்கும். ஆகவே மலமிளக்கியை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். இவர்கள் தொடங்கவில்லை, நான்காம் நாள் வயிறு உப்பி, அதனாலும் மூச்சு முட்டியது. நோயாளி எழுப்பியும் எழும்பாமல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, மூச்சு மிக மெதுவானால் அளவு கூடிவிட்டது என்று பொருள். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு வாரம் கழிந்தபோது தந்தையின் நடைத் திணறல் மாறவில்லை. ஆனால் இரவில் பயந்து எழுவது குறைந்தது. அதற்காக மருந்து அதே அளவில் தொடர்ந்தது.

4. எப்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது?

திணறல் திடீரெனக் கூடினால், காய்ச்சலோடு சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், ஒரு பக்க நெஞ்சு குத்தினால், உதடு நீலமானால் அது பழைய திணறல் அல்ல. விசிறியை நம்பி இராமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

சிந்திக்க: உங்கள் வீட்டில் இத்தகைய நோயாளி இருந்தால், கட்டிலிலிருந்து கிணற்றடி வரை எத்தனை இடத்தில் கதிரை வைக்க வேண்டும்? இன்றே அவரோடு மெதுவாக நடந்து பாருங்கள்.