"கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கிளையன்ட் கேட்டால் என்ன பதில் அனுப்புவது?

சொந்தமாகத் தொழில் செய்யும் எல்லோருக்கும் அடிக்கடி வரும் ஒரு மெசேஜைப் பற்றி இன்னைக்குப் பார்ப்போம். "ரேட் ஓகே சார், ஆனா கொஞ்சம் குறைச்சுக்கோங்க." இதுக்கு நாம் கோபத்தில் டைப் பண்ணும் பதில் ஒன்று, அனுப்ப வேண்டிய பதில் வேறு. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது எப்படி என்று ஒரு உதாரணத்தோடு பார்த்துவிடலாம்.

நீங்க ஒரு கல்யாண போட்டோகிராபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு, முகூர்த்தம் என்று ரெண்டு நாள் வேலை. போட்டோ, வீடியோ, ஒரு ஆல்பம் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்கு கோட்டேஷன் கொடுத்திருக்கிறீர்கள். பெண்ணின் அப்பா வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "50,000-க்கு முடிச்சுக் குடுங்க தம்பி. வேற ஒருத்தர் அந்த ரேட்டுக்கு ரெடியா இருக்காரு."

பதில் எழுதும் முன்னாடி ஒரு பேப்பரில் கணக்குப் போடுங்கள். கூட வரும் இன்னொரு போட்டோகிராபருக்கு 10,000. வீடியோ எடுப்பவருக்கு 12,000. எடிட்டிங்குக்கு 7,000. ஆல்பம் பிரிண்ட் செய்யும் லேபுக்கு 11,000. போக்குவரத்துக்கு 2,000. மொத்தம் 42,000. உங்கள் கையில் நிற்பது 18,000.

இப்போ 10,000 குறைத்தால் என்ன ஆகும்? அவங்க யாருடைய கூலியும் குறையாது. லேப்காரர் ஒரு ரூபாய் விடமாட்டார். அந்த 10,000 முழுசாக உங்கள் 18,000-ல் இருந்துதான் போகும். மிச்சம் 8,000. கிளையன்ட் கண்ணுக்கு அது ஆறில் ஒரு பங்கு தள்ளுபடிதான். உங்களுக்கோ வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. சீசனில் பத்து கல்யாணத்துக்கும் இப்படியே தலையாட்டினால் 1,80,000 வர வேண்டிய இடத்தில் 80,000 தான் வரும். கேமரா லோனுக்கு மாசத் தவணை கட்டுபவருக்கு இது விளையாட்டு இல்லை.

இந்தக் கணக்கு தெரிந்ததும் நமக்குச் சுருக்கென்று கோபம் வரும். அப்போ விரல் இப்படி டைப் பண்ணும்:

"சார், நாங்க ஏற்கனவே ரொம்ப கம்மியாதான் சொல்லியிருக்கோம். மத்தவங்க ஒரு லட்சம் வாங்குறாங்க. கேமரா, லென்ஸ் எல்லாம் என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியாது. லோன் போட்டுத்தான் வாங்கியிருக்கேன். சாரி சார், கட்டுப்படியாகாது. அந்த ரேட்டுக்கு வேணும்னா அவரையே வச்சுக்கோங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

"மத்தவங்க ஒரு லட்சம் வாங்குறாங்க" என்று நீங்களே ஒப்பீட்டை ஆரம்பித்துவிட்டீர்கள். அவர் பதிலுக்கு 45,000 வாங்குபவரின் கோட்டேஷனை அனுப்புவார். அதுக்கு அப்புறம் பேச்சு உங்கள் வேலையைப் பற்றி இருக்காது, ஊரில் யார் மலிவு என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

கேமரா விலையும் லோனும் உங்கள் பிரச்சினை. காரணம் என்று ஒன்றைச் சொன்னாலே, அது போதுமா போதாதா என்று எடைபோடும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். "கேமரா ஒரு தடவை வாங்கினா பல வருஷம் ஓடுமே தம்பி" என்பார். அதுக்கும் ஒரு பதில் தேடணும். போதாததுக்கு "உங்களுக்குத் தெரியாது" என்பது வயசில் பெரியவரை மட்டம் தட்டுவது போல இருக்கும்.

"சாரி" கேட்க வேண்டிய தப்பு எதுவும் நடக்கவில்லை. பெண் கல்யாணத்துக்கு நூறு செலவு வைத்திருக்கும் அப்பா, எல்லா இடத்திலும் போல உங்களிடமும் கேட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். "அவரையே வச்சுக்கோங்க" என்பது கதவை முகத்தில் அறைந்து சாத்துவது. அவர் 60,000 கொடுக்க மனசு வைத்திருந்தாலும் இனி திரும்பி வர முடியாது.

சரி, அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். கோட்டேஷனைப் பார்த்து பதில் அனுப்புனதுக்கு நன்றி. நாம பேசின ரெண்டு நாள் வேலைக்கும் ஆல்பத்துக்கும் ரேட் 60,000 தான் சார், அதுல குறைக்க முடியாது. 50,000-க்குள்ள முடிக்கணும்னா, ஆல்பம் மட்டும் இல்லாம, எடிட் பண்ணின போட்டோவும் வீடியோவும் பென்டிரைவ்ல தந்துடறேன். அதுக்கு 49,000. ஆல்பம் பிறகு வேணும்னா அன்னைக்கு லேப் ரேட்டுக்குப் போட்டுக்கலாம். ரெண்டுல எது வசதின்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க சார். அதுவரைக்கும் அந்தத் தேதியை வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

என்ன மாறியது? "முடியாது" என்பது இதிலும் இருக்கிறது, ஒரே தடவை, ஒரே வரியில், காரணம் எதுவும் இல்லாமல். "பார்க்கலாம் சார்", "கஷ்டம்தான் சார்" மாதிரி வழுக்கும் வார்த்தைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவர் காதில் அது "இன்னும் ரெண்டு தடவை கேளுங்க" என்றுதான் விழும்.

அடுத்தது, விலையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்திருக்கிறோம். இதுதான் முக்கியம். ஆல்பத்தை எடுத்ததும் லேபுக்குப் போகும் 11,000 மிச்சம். அதனால் 49,000 வாங்கினாலும் உங்கள் கையில் அதே 18,000 நிற்கும். ஆனால் எதைக் கழிப்பது என்பதில் ஜாக்கிரதை. வெளியில் பணம் போகும் வேலையைக் கழிக்கணும். "ரெண்டாயிரம் போட்டோவுக்குப் பதில் ஆயிரம் தர்றேன்" என்றால் ரெண்டு நாளும் நீங்க நின்றுதான் ஆகணும், செலவு பெருசா குறையாது.

கடைசியா, தேதி. வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்ததால் பேச்சு இழுத்துக்கொண்டே போகாது. முகூர்த்த நாளில் வேறு ஒருவர் கேட்டால் வெள்ளிக்கு அப்புறம் தயங்காமல் கொடுக்கலாம்.

அவர் மறுபடி "சரி தம்பி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், 55" என்று வருவார். இங்கேதான் பலரும் வழுக்குவது. புதுக் காரணம் தேடாதீர்கள். "புரியுது சார். ஆல்பத்தோட 60, ஆல்பம் இல்லாம 49. எது வேணும்னாலும் நல்லபடியா செஞ்சு தர்றேன்" என்று அதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னால் போதும். இங்கே 55-க்கு இறங்கினால், முதலில் சொன்ன 60 சும்மா சொன்னது என்றாகிவிடும். அடுத்த வருஷம் அவர் சொந்தக்காரர் வரும்போது பேச்சு 55-ல் இருந்துதான் தொடங்கும்.

அப்போ குறைக்கவே கூடாதா? ஒரு இடம் இருக்கு. ஆடியிலோ மார்கழியிலோ ஒரு விசேஷத்துக்குக் கேட்கிறார்கள், அந்த நாள் எப்படியும் காலி. அப்போ 8,000 நின்றாலும் வரவுதான். ஆனால் அதையும் பதிலுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு கொடுங்கள்: "சீசன் இல்லாத மாசம், முழுப் பணமும் முன்னாடியே தர்றதா இருந்தா இந்த ரேட் சார்." அப்போதான் அந்த ரேட் அந்த நாளோடு நிற்கும். தை மாச முகூர்த்தத்துக்கு இது பொருந்தாது. அங்கே நீங்க குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு தேதியும், முழு ரேட் தரத் தயாராக இருந்த இன்னொருவருடைய தேதி.

நீங்க தையல், டிசைன், கேட்டரிங் என்று எந்தத் தொழிலில் இருந்தாலும் இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக முடித்த ஆர்டரை எடுத்து, வெளியே போன பணம் எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்று எழுதுங்கள். அதிலிருந்து எதை எடுத்தால் உங்கள் பங்கு குறையாது என்று ஒரு பொருளைக் குறித்து வையுங்கள். அடுத்த "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" வரும்போது பதில் அந்தப் பேப்பரிலேயே இருக்கும்.