ஏழு நாளும் கடை, ஆளுக்கொரு நாள் லீவு

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் கடையில் வாரத்துக்குப் பன்னிரண்டு லீவை எங்காவது வைத்தாக வேண்டும். ஏழு கிழமைக்கும் சமமாகப் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப் போட்ட கடையில் ஞாயிற்றுக்கிழமை பில் போட நிற்கும் வரிசை வாசல்வரை வரும். புதன்கிழமை மதியம் நான்கு பேர் சும்மா நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லீவைப் பங்கிடும்போது ஆட்களை எண்ணுவதற்கு முன்னால் வேலையை எண்ண வேண்டும்.

அதற்கும் முன்னால் சட்டம் சொல்வதைப் பார்த்துவிடலாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்க வேண்டும். ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் எல்லா நாளும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. அதன் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. அந்த அனுமதியோடு சில நிபந்தனைகளும் உண்டு. சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை கிடைக்கும்படி ஆள் வைத்திருக்க வேண்டும். அன்றன்று யார் விடுமுறையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை நேரக் கணக்கும் அப்படியே இருக்கிறது. லீவு நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. ‘தினக்கூலி ஆள்தானே’ என்ற பேச்சும் இதில் செல்லாது. முழு நாள் என்றால் முழு நாள்தான். இரண்டு அரை நாளைச் சேர்த்து ஒரு லீவாகக் கணக்குக் காட்ட முடியாது.

இனி, ஒரு கடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நடுத்தர ஊர் ஒன்றில் மளிகை டிபார்ட்மெண்ட் ஸ்டோர். பில் போட மூன்று பேர், பருப்பு, சர்க்கரை நிறுத்துப் பொட்டலம் போட நான்கு பேர், அலமாரிகளில் சரக்கு அடுக்க மூன்று பேர், குடோனுக்கு ஒருவர், மேற்பார்வையும் கணக்கும் பார்க்க ஒருவர். மொத்தம் பன்னிரண்டு.

முதலில், பழைய பில் விவரத்தை எடுத்துக் கிழமைவாரியாக எத்தனை பில் போடப்பட்டது என்று பாருங்கள். இரண்டு மாதக் கணக்காவது வேண்டும். ரூபாய்த் தொகையைப் பார்க்காதீர்கள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் எண்ணெய் டின்னும் அரிசி மூட்டையும் வாங்கிய நாள் பெரிய வியாபாரமாகத் தெரியும், ஆனால் அன்றைக்குக் கடையில் நெரிசலே இருந்திருக்காது. ஆளைக் கேட்பது பில்களின் எண்ணிக்கைதான். ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் சந்தை நாளில் மளிகைக் கடைக்கும் கூட்டம் வரும், சில ஊர்களில் கடை காற்று வாங்கும். அடுத்த ஊர்க் கடையின் பட்டியலைப் பார்த்து எழுதினால் இந்த இடத்தில்தான் பிசகும்.

அடுத்து, ஒவ்வொரு கிழமைக்கும் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்று எழுதுங்கள். காலை, மாலை என்று இரண்டு முறையாக வந்தாலும் அன்றைக்கு மொத்தம் எத்தனை தலை என்பதே கணக்கு. நம் கடையில் திங்கள் முதல் வியாழன் வரை ஒன்பது பேர் போதும். வெள்ளிக்குப் பதினொன்று, சனிக்குப் பன்னிரண்டு, ஞாயிறுக்குப் பதினொன்று. கூட்டினால் 70. ஒருவர் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்வார் என்பதால் 70-ஐ ஆறால் வகுத்தால் பதினொன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பன்னிரண்டு பேர் போதும்; பதினொரு பேரை வைத்துக்கொண்டு எந்தப் பட்டியல் போட்டாலும் யாரோ ஒருவருடைய லீவு வாரா வாரம் பறிபோய்க்கொண்டே இருக்கும். லீவுப் பட்டியல் சரியாக வரவில்லை என்று புலம்பும் கடைகளில் பெரும்பாலும் கோளாறு பட்டியலில் இல்லை, இந்த வகுத்தலில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு பேர் ஆறு நாள் என்றால் 72 ஆள்நாள். தேவை 70. மிச்சம் இரண்டு. அதைத் திங்களுக்கும் வியாழனுக்கும் ஒவ்வொன்றாக வைத்தால், யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ ஊரில் சாவு விழுந்தாலோ தாங்கிக்கொள்ளலாம். இப்போது லீவை வைக்க வேண்டிய இடங்கள் தாமாகவே தெரியும்: திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் மூன்று, வியாழன் இரண்டு, வெள்ளி ஒன்று, சனி இல்லை, ஞாயிறு ஒன்று.

இந்த இடங்களில் பெயர்களைப் போடும்போது ஒரே விதிதான்: ஒரே வேலை பார்க்கும் இருவருக்கு ஒரே நாளில் லீவு கூடாது. அதன்படி நம் கடைக்கு வருவது இது:

திங்கள்: பில் ஒருவர், பொட்டலம் ஒருவர்
செவ்வாய்: பொட்டலம் ஒருவர், அலமாரி ஒருவர், மேற்பார்வையாளர்
புதன்: பில் ஒருவர், பொட்டலம் ஒருவர், அலமாரி ஒருவர்
வியாழன்: பில் ஒருவர், அலமாரி ஒருவர்
வெள்ளி: பொட்டலம் ஒருவர்
சனி: யாரும் இல்லை
ஞாயிறு: குடோன்காரர்

குடோன்காரருக்கு ஞாயிறு கிடைத்தது சலுகை அல்ல. மொத்தக் கடைகள் மூடியிருப்பதால் அன்றைக்கு லோடு இறங்காது. மற்றவர்கள் கேட்டால் இந்தக் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடலாம்.

ஒற்றை ஆளாக இருப்பவர்களின் லீவுதான் சோதனை. மேற்பார்வையாளர் செவ்வாய்க்கிழமை வீட்டில் இருக்கும்போது கடையிலிருந்து அவருக்கு எத்தனை போன் போகிறது என்று கவனியுங்கள். ‘அண்ணே, அந்த அலமாரிச் சாவி எங்கே’, ‘அண்ணே, பில்லை ரத்து பண்ண எந்த எண் போடணும்’ என்று போன் போய்க்கொண்டே இருந்தால் அவர் லீவில் இல்லை, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். அவருக்குப் பதிலாக நிற்பவருக்குச் சாவி, பில் மெஷினில் தனி அனுமதி, சரக்கு அனுப்புகிறவர்களின் போன் எண்கள் ஆகிய மூன்றையும் முதல் நாளே கைமாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். குடோனுக்கும் இதேதான். அலமாரிக்காரர்களில் ஒருவருக்குச் சரக்கு எங்கே இருக்கிறது என்பதும், ரசீதைச் சரிபார்ப்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, பல கடைகள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். ‘எல்லோருக்கும் எல்லாக் கிழமையும் கிடைக்கட்டும்’ என்று நல்ல எண்ணத்தில் வாரா வாரம் ஒரு நாள் தள்ளி லீவு கொடுப்பார்கள். இந்த வாரம் திங்கள், அடுத்த வாரம் செவ்வாய், அதற்கடுத்து புதன். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு லீவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு வேலை நாள் வந்துவிடுகிறது. போகப் போக லீவு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேரும். அடுத்து வரவேண்டிய திங்கள் எட்டு நாள் தள்ளி விழும். அதற்குள் திங்கள் முதல் ஞாயிறு வரையிலான ஒரு முழு வாரம் லீவே இல்லாமல் கழிந்திருக்கும். எட்டு வாரத்துக்கு ஒரு லீவு காணாமல் போகிறது, சட்டமும் மீறப்படுகிறது. வருகைப் பதிவேட்டை மேலோட்டமாகப் பார்த்தால் இது தெரியாது. ஒருவருடைய வரிசையை மட்டும் எடுத்து, இரண்டு லீவுக்கு நடுவே உள்ள நாட்களை விரல்விட்டு எண்ணினால்தான் தெரியும்.

ஆகவே கிழமையை நிலையாக வையுங்கள். ரேஷன் கடை, வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஊழியர் தம் வேலைகளைத் திட்டமிட முடிவதும் நிலையான கிழமை இருந்தால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே வேலை பார்ப்பவர்களுக்குள் கிழமைகளை மாற்றிக்கொள்ளலாம். பில் போடும் மூவரும் திங்கள், புதன், வியாழனைத் தங்களுக்குள் சுற்றிக்கொண்டால் மற்றவர்களின் பட்டியல் அசையாது.

மாற்றும் வாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். வியாழனிலிருந்து திங்களுக்கு வருபவருக்குப் பிரச்சினை இல்லை; மூன்று நாள் வேலை செய்ததுமே அடுத்த லீவு வந்துவிடும். திங்களிலிருந்து புதனுக்குப் போகிறவர் தொடர்ந்து எட்டு நாளும், புதனிலிருந்து வியாழனுக்குப் போகிறவர் ஏழு நாளும் உழைக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு வாரம் அவர்களுக்குப் பழைய கிழமை, புதிய கிழமை இரண்டிலும் லீவு கொடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆகும் இந்தச் செலவு பெரிதல்ல. மாற்றத்தைத் தேதி 20-க்குப் பிறகு வைத்துக்கொண்டால் சம்பள வாரக் கூட்டமும் இராது.

ஊழியர்கள் தங்களுக்குள் ஒரு வாரம் மட்டும் மாற்றிக்கொள்ளக் கேட்பார்கள். ‘அண்ணாச்சி, புதன்கிழமை மச்சினன் வீட்டுல காதுகுத்து’ என்று வந்து நிற்பவரை இல்லை என்று அனுப்ப முடியாது. இரண்டு நிபந்தனை போதும்: மாற்றிக்கொள்ளும் இருவரும் ஒரே வேலை பார்ப்பவர்களாக இருக்க வேண்டும், இருவருமே முதல் நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வாய்ச்சொல்லில் நடக்கும் மாற்றம்தான் ‘நான் வரேன்னு சொல்லவே இல்லையே’ என்ற தகராறில் முடியும். திங்கள்காரரும் புதன்காரரும் இப்படி மாறினால், முன்னேயோ பின்னேயோ இருவருமே எட்டு நாள் தொடர்ந்து வேலை செய்வார்கள் என்பதால் ஒருவருக்கே அடிக்கடி இதை அனுமதிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்பவர்களை என்ன செய்வது? பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ளவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நம் கடைக் கணக்கில் ஞாயிறு லீவு ஒன்றே ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. மளிகையில் ஞாயிறு மதியம் கூட்டம் அடங்கும் என்பதால், இருவர் இருவராக முறைவைத்து மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்கு அனுப்பலாம். இது வார லீவுக்குப் பதில் அல்ல, அதற்கு மேல் கொடுப்பது. முடியாத ஞாயிறுக்கு ‘பார்க்கலாம்’ என்று இழுப்பதைவிட, முடியாது என்று சொல்லி இந்த அரை நாளைக் கொடுப்பது மேல்.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் ‘இப்போ யாருக்கும் லீவு இல்லை, அப்புறம் சேர்த்து எடுத்துக்கலாம்’ என்று சொல்வது கடைத்தெரு வழக்கம். வாரம் ஒரு நாள் என்ற விதிக்கு அது ஒத்துவராது. அந்த வாரங்களுக்குப் பொட்டலம் போடவும் சரக்கு அடுக்கவும் தற்காலிக ஆட்களை எடுத்து, லீவைச் செவ்வாய், புதனில் அப்படியே விடுங்கள். பில் போடும் இடத்துக்கு மட்டும் புது ஆள் சரிப்படாது. ஒரு மாதம் முன்பே அலமாரிக்காரர் ஒருவரைப் பழக்கிவைக்க வேண்டும்.

பட்டியலைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டாமல், ஊழியர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் மாட்டுங்கள். அதன் பக்கத்தில் ஒரு சிறு பலகையில் ‘இன்று விடுமுறை’ என்று தலைப்பிட்டு அன்றைய பெயர்களைத் தினமும் காலையில் எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி கேட்பது அதைத்தான். ஒரு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் வரிசையிலும் லீவு நாட்களை எண்ணுங்கள். பட்டியலில் உள்ள எண்ணிக்கைக்குக் குறைவாக யாருக்காவது வந்திருந்தால், அவர் செய்யும் வேலைக்குப் பதில் ஆள் இல்லை என்று அர்த்தம். அடுத்து பழக்க வேண்டியது அந்த வேலைக்குத்தான்.